கிளைகளின் கணக்கு ஒரே வடிவில்: தேதி, நாணயம், லட்சம், கோடி

பல ஊர்க் கிளைகளின் பில், லெட்ஜர், வங்கி அறிக்கை ஆகியவற்றிலிருந்து விவரங்களை எடுத்து ஒரே பட்டியலில் சேர்க்கும்போது, தேதியும் நாணயமும் தொகையும் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருப்பது தெரியவரும். சென்னையில் தலைமை அலுவலகமும் மதுரை, கொழும்பு, நியூஜெர்சியில் கிளைகளும் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், 03/04/2024 என்பது மதுரையில் ஏப்ரல் 3. நியூஜெர்சியில் மார்ச் 4. மதுரை பில்லிலும் Rs. என்றே இருக்கும், கொழும்பு பில்லிலும் Rs. என்றே இருக்கும். ஒருவர் 12.5 லட்சம் என்று எழுதுவதை இன்னொருவர் 1.25 மில்லியன் என்று எழுதுவார். இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதைச் சீர்ப்படுத்துதல் எனலாம்.

கடைசியில் எந்த வடிவில் சேமிப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். தேதிக்கு ISO 8601 தரம் சொல்லும் ஆண்டு-மாதம்-நாள் வரிசை பொருந்தும். மார்ச் 4 என்பது 2024-03-04 ஆகும். நாணயத்துக்கு ISO 4217 தரத்தின் மூன்றெழுத்துக் குறியீடுகள் உள்ளன: இந்திய ரூபாய் INR, இலங்கை ரூபாய் LKR, அமெரிக்க டாலர் USD. தொகை காற்புள்ளி இல்லாத முழு எண்ணாக, லட்சம், கோடி போன்ற சொற்கள் இல்லாமல் இருக்க வேண்டும். இவற்றுக்குப் பக்கத்திலேயே ஆவணத்தில் இருந்த எழுத்தை மாற்றாமல் ஒரு பத்தியில் வைப்பது அவசியம். பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

தேதியில் அடிப்படை விதி ஒன்று உண்டு: தனித்தனித் தேதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஆவணம் முழுவதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நியூஜெர்சிப் பட்டியலில் 03/04/2024 என்று ஒரு வரியும் 03/18/2024 என்று அடுத்த வரியும் இருந்தால், 18 மாதமாக இருக்க முடியாது. ஆகவே அந்தப் பத்தி முழுவதிலும் மாதம்தான் முதலில் வருகிறது. ஒரே ஒரு பில் மட்டும் கையில் இருந்தால் அதற்குள்ளேயே வேறு சான்றைத் தேடலாம். பில் தேதி 03/04/2024, பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் 04/03/2024, தவணை 30 நாள் என்று இருப்பதாகக் கொள்வோம். நாளை முதலில் வைத்துப் படித்தால் பில் ஏப்ரல் 3, கெடு மார்ச் 4. பில் போடுவதற்கு முன்பே கெடு முடிந்துவிடுகிறது. மாதத்தை முதலில் வைத்துப் படித்தால் மார்ச் 4-லிருந்து ஏப்ரல் 3 வரை சரியாக 30 நாள். இங்கே தவறினால் இந்தியக் கணக்கில் விளைவு பெரிது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், மார்ச் 4-ஐ ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டால் அந்த விற்பனை அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் உட்காரும்.

இந்தச் சான்றை எக்செல் அழித்துவிடக்கூடும். இந்திய முறைத் தேதி அமைப்புள்ள கணினியில் நியூஜெர்சியின் CSV கோப்பைத் திறந்தால், 03/04/2024 சத்தமில்லாமல் ஏப்ரல் 3 ஆகிவிடும். 03/18/2024 தேதியாகப் பொருந்தாததால் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்புறமும் சில இடப்புறமும் ஒட்டி நிற்பது இதற்கு அடையாளம். அப்போது இடப்புறம் நிற்பவற்றை மட்டும் திருத்தினால் போதாது, வலப்புறம் நிற்பவையும் தவறானவையே. மூலக் கோப்பைத் திரும்ப எடுத்து, தேதிப் பத்தியை எழுத்தாகவே படிக்கச் செய்வதுதான் தீர்வு.

நாணயத்தில் குறியீட்டை மட்டும் நம்ப முடியாது. ₹ என்ற குறி 2010-இல் ஏற்கப்பட்டது. அது இந்திய ரூபாய்க்கே உரியது. Rs. என்பதை இலங்கை, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளும் பயன்படுத்துகின்றன. டாலர் குறியும் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமல்ல. எனவே பில் எந்தக் கிளையிலிருந்து வந்தது, அதில் இந்திய ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பார்த்தே குறியீட்டை முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றக் கூடாது. மாற்று விகிதம் தேதியைப் பொறுத்தது. தேதி உறுதியாகும் முன் மாற்றினால் ஒரு தவறு இரண்டாகும்.

தொகையைப் பிரித்தெடுக்கும்போது அடிக்கடி நேரும் பிழை Rs. என்பதிலுள்ள புள்ளியால் வருகிறது. இலக்கமும் புள்ளியும் தவிர மற்றதெல்லாம் நீங்கட்டும் என்று நிரல் எழுதுவது வழக்கம். அப்போது ஒன்றேகால் லட்சம் ரூபாய் ஒரு ரூபாய்க்கும் கீழே போய்விடுகிறது:

```python
import re
s = "Rs.1,25,000/-"
re.sub(r"[^0-9.]", "", s)            # .125000
m = re.search(r"\d[\d,]*(\.\d+)?", s)
m.group().replace(",", "")           # 125000
```

முதல் முறையில் Rs. என்பதன் புள்ளி ஒட்டிக்கொண்டு தசமப் புள்ளியாகிறது. இரண்டாவது முறை இலக்கத்தில் தொடங்குவதால் அந்தப் புள்ளி வெளியே நின்றுவிடுகிறது.

காற்புள்ளியை நீக்குவதற்கு முன் அதன் இடத்தைப் பார்ப்பது நல்லது. இந்திய முறையில் கடைசித் தொகுதி மூன்று இலக்கம், அதற்கு முந்தையவை இரண்டிரண்டு: 12,50,000. மேலை முறையில் எல்லாமே மும்மூன்று: 1,250,000. இரண்டிலும் சேராமல் 1,25,00 என்று வந்தால், ஸ்கேன் செய்த தாளைப் படிக்கையில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

சொற்களில் Cr என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. லெட்ஜரிலும் வங்கி அறிக்கையிலும் அது வரவைக் குறிக்கும்; திட்ட அறிக்கையில் கோடியைக் குறிக்கும். 2,50,000.00 Cr என்று பைசா வரை எழுதி, அதே தாளில் வேறிடத்தில் Dr இருந்தால் அது வரவு. 2.5 Cr என்று சுருக்கமாக இருந்தால் இரண்டரைக் கோடி. பல அறிக்கைகளில் அலகு எண்ணோடு இராமல் அட்டவணையின் தலைப்பில் இருக்கும். இந்திய நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் 'ரூபாய் லட்சத்தில்' என்றும், இலங்கை அறிக்கைகளில் Rs. '000 என்றும் காணலாம். தலைப்பை விட்டுவிட்டுக் கட்டங்களை மட்டும் எடுத்தால், 48,50,000 ரூபாய் வெறும் 4,850 ஆகப் பதிவாகும்.

இறுதியில் சரிபார்ப்பு. பில் தொகை 1,25,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 22,500, மொத்தம் 1,47,500 என்று கூட்டிப் பார்த்தால் புள்ளிப் பிழையும் இலக்கப் பிழையும் பிடிபடும். எழுத்தால் எழுதிய தொகை இருந்தால் அதனோடும் ஒப்பிடலாம். ஆனால் அலகுப் பிழையைக் கூட்டல் காட்டாது. பத்தி முழுவதும் ஆயிரம் மடங்கு குறைந்திருந்தாலும் மொத்தம் பொருந்தவே செய்யும். அதைக் கண்டுபிடிக்க, வங்கிக் கணக்கிலோ சென்ற ஆண்டு அறிக்கையிலோ உள்ள ஒரு தொகையோடு ஒப்பிட வேண்டும். எந்தச் சான்றும் கிடைக்காத தேதியையும் தொகையையும் ஊகித்து நிரப்பாமல், கட்டத்தை வெறுமையாக விட்டு, மூல எழுத்தோடு அந்தக் கிளைக்கே அனுப்பிக் கேட்டு நிரப்புவதே முறை.