அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம்?

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் தமிழ்நாட்டு நகரங்களில் தவறாமல் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. “பெயிண்ட் அடிக்கணும், ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கறேன்.” நான்கு மாதம் குடியிருந்தவருக்கும் இதுதான், நான்கு வருடம் இருந்தவருக்கும் இதுதான். சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே தொகை முடிவாகிவிடும். சண்டை எதற்கு என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எந்தச் செலவு யாருடையது என்பதற்கு எழுதி வைத்த கணக்கு இருக்கிறது.

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் தமிழ்நாடு அரசு ஒரு புதிய சட்டம் இயற்றியது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்பது அதன் பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் இருக்கிறது. பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசுவது அதன் 15ஆவது பிரிவு. குடிவந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே அதைக் காப்பது இரு தரப்புக்கும் கடமை. இயல்பான தேய்மானம் மட்டும் விதிவிலக்கு. நகருக்கு வெளியே உள்ள வீடுகளுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதன் 108ஆவது பிரிவும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

எந்த வேலை யாருடையது என்பதற்கு 2017 சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. பைப் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் கணக்கு. சுவருக்குள் இருப்பது வீட்டுக்காரருக்கு, கைபட்டுப் புழங்குவது குடியிருப்பவருக்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

இந்தப் பிரிவினையில் குடியிருப்பவர்களுக்குப் பிடிக்காத ஓர் இடம் உண்டு. குழாய் தேய்ந்து ஒழுகுவது இயல்பான தேய்மானம்தானே, அதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். சென்னைப் பக்கம் உப்பு நீரில் குழாய்களும் கீசர் காயிலும் சீக்கிரமே வெள்ளை படிந்து கெட்டுப்போகும், அதில் யார் தவறும் இல்லை. இருந்தாலும் தினசரிப் புழக்கத்தின் சில்லறைப் பராமரிப்பு என்று சட்டம் அதைக் குடியிருப்பவர் தலையில்தான் வைத்திருக்கிறது. ஒழுகும் குழாயை அப்படியே விட்டுவிட்டுக் காலி செய்தால் அதற்குப் பணம் பிடிப்பது நியாயம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இந்த அட்டவணை விலகி நிற்கும். “காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்காகப் பிடிக்கப்படும்” என்ற வரி பல ஒப்பந்தங்களில் ஆயத்தமாக அச்சடித்தே வருகிறது. கையெழுத்துப் போட்ட பிறகு அட்டவணையைக் காட்டி வாதாடுவது கடினம். எத்தனை வருடத்துக்குள் காலி செய்தால் அந்தப் பிடித்தம், அதற்கு மேல் இருந்தால் கிடையாது என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சாவி கைக்கு வரும் முன் கேட்டால் பல வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

தேய்மானம் எது, சேதம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டையே கேட்கலாம், சொல்லும். தரை ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் டைல்ஸ் விரிசல் விட்டிருந்தால், ஒரு ரூபாய் நாணயத்தால் அதன் மேல் தட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து டைல்ஸில் கேட்கும் கெட்டியான ஒலி இங்கே இல்லாமல் பானையைத் தட்டியது போல ‘டொக் டொக்’ என்று வந்தால், அடியில் கலவை பிடிக்கவில்லை, உள்ளே காற்று நிற்கிறது. அது பதித்தவரின் குறை. நாளானால் யாரும் தொடாமலே தூக்கிக்கொண்டு வெடிக்கும். ஒலி கெட்டியாக இருந்து, ஒரு புள்ளியில் செதில் தெறித்து, அங்கிருந்து நாலாபுறமும் கீற்று ஓடியிருந்தால் கனமான ஏதோ விழுந்திருக்கிறது. கேஸ் சிலிண்டரோ அம்மிக் குழவியோ, அது சேதம்.

சுவரும் அப்படித்தான். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ஒரே பட்டையாகப் பெயிண்ட் உப்பி, உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஓதம். அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறி, அதனுடன் வந்த உப்பு மேலே படிகிறது. குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் ஈரம் பரவியிருந்தால் உள்ளே குழாய் இணைப்பு கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கூரையில் காரை பெயர்ந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால், கம்பி துருவேறிப் பருத்து கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. கடலோர ஊர்களில் இது சாதாரணம். இவை எதற்கும் குடியிருப்பவரிடம் பணம் கேட்க முடியாது. வெயில் படும் சுவர் வெளுத்ததும், சோபா உரசிய கோடும், காலண்டர் ஆணியும் தேய்மானம். கிரேயான் கிறுக்கல், டி.வி. ஸ்டாண்டுக்காக டிரில் போட்ட நான்கு பெரிய ஓட்டைகள், ஏ.சி. குழாய்க்காகக் குடைந்த துவாரம், மூடாமல் விட்டால் எல்லாம் சேதம்.

குடியிருப்பவர் கோட்டைவிடும் இடமும் உண்டு. கசிவைப் பார்த்தும் வாய் திறக்காமல் ஆறு மாதம் இருந்துவிட்டு, சுவர் முழுவதும் கெட்ட பிறகு எனக்குச் சம்பந்தமில்லை என்று சொன்னால் எடுபடாது. பார்த்த அன்றே படத்துடன் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்.

இனி ஒரு கணக்கு. மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 45,000 என்று வைத்துக்கொள்வோம். புதுப் பெயிண்ட் அடித்த வீட்டில் ஒரு குடும்பம் குடிவந்து, நான்கு வருடம் கழித்துக் காலி செய்கிறது. வீட்டுக்காரர் ஒரு பட்டியல் நீட்டுகிறார்: பெயிண்ட் 15,000, குளியலறைக் கதவு 4,500, சமையலறையில் மூன்று டைல்ஸ் மாற்ற 3,000, குழாயும் சுவிட்சும் 1,800, சுவர் ஓட்டைகள் 1,200. மொத்தம் 25,500. கைக்கு வருவது 19,500.

பெயிண்டில் தொடங்குவோம். உள்சுவர்ப் பெயிண்ட் ஐந்து வருடம் தாங்கும் என்று எடுத்துக்கொண்டால், நான்கு வருடம் முடிந்த வீட்டுக்கு அடுத்த வருடம் எப்படியும் அடித்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு மாத வரி இல்லையென்றால் இது வீட்டுக்காரர் செலவு. குழந்தைகள் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கிரேயான் கிறுக்கல். அந்தச் சுவருக்கு மட்டும் 2,500 ஆகும். ஆனால் அதன் ஆயுளில் மிச்சமிருந்தது ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் கேட்கத் தகுந்தது 500. மிச்ச ஆயுளுக்கு மட்டும் பணம் என்ற இந்த முறையில்தான் இங்கிலாந்தில் அட்வான்ஸ் தகராறுகளைத் தீர்க்கிறார்கள். பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலையை வாங்கினால் வீட்டுக்காரர் லாபம் பார்க்கிறார் என்பது அவர்கள் வாதம். நம் சட்டத்தில் இப்படி ஆயுள் பட்டியல் கிடையாது. ஆனாலும் உண்மையில் ஏற்பட்ட இழப்புக்குத்தான் ஈடு என்ற நம் ஒப்பந்தச் சட்டத்தின் கொள்கைக்கு இது பொருந்தியே வருகிறது.

கதவின் அடிப்பாகம் தண்ணீர் பட்டு ஊறி உப்பியிருக்கிறது. குளியலறையில் மரக்கதவு போட்டால் அப்படித்தான் ஆகும். உதைத்த ஓட்டையோ பிளவோ இல்லை. பிடித்தம் பூஜ்யம். மூன்று டைல்ஸில் இரண்டு நாணயத்துக்குப் பொள்ளென்று ஒலிக்கின்றன, ஒன்றில் மட்டும் செதில் தெறித்த தழும்பு. அந்த ஒன்றுக்கு 1,000. டைல்ஸ் நீண்ட காலம் உழைக்கும் பொருள், அதில் வயதைக் கழித்துப் பேரம் பேசுவது அற்பம். குழாய், சுவிட்ச் 1,800 முழுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. ஓட்டைகள் டி.வி.க்கும் ஏ.சி.க்கும் போட்டவை, 1,200 கொடுத்துவிடலாம். கூட்டினால் 4,500. திரும்ப வர வேண்டியது 40,500. இரண்டு கணக்குக்கும் இடையே 21,000 ரூபாய் வித்தியாசம்.

குடியிருக்கும்போதே பெரிய பழுது வந்து வீட்டுக்காரர் அசையாவிட்டால்? சுவருக்குள் குழாய் வெடித்து, எழுத்தில் சொல்லியும் அவர் செய்யவில்லை என்றால் குடியிருப்பவரே சரிசெய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. செலவு 12,000 என்றால் முதல் மாதம் 7,500, அடுத்த மாதம் 4,500. பில்லும் படமும் கையில் இருக்க வேண்டும். பழுது பார்க்காமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலையில், எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்துவிட்டு வெளியேறலாம், அல்லது வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். குடியிருப்பவர் தன் பங்கு வேலையைச் செய்யாவிட்டால், வீட்டுக்காரர் அதைச் செய்துவிட்டு அட்வான்ஸில் கழிக்கவும் இதே பிரிவு வழி விடுகிறது.

அட்வான்ஸுக்கும் வரம்பு இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சென்னையின் பழைய பத்து மாத வழக்கம் இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருப்பது அந்த ‘எழுதாவிட்டால்’ என்ற ஓட்டை வழியாகத்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தை tenancy.tn.gov.in என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வழி இருக்கிறது. பதிவு செய்யாத காகிதத்துடன் நீதிமன்றம் போனால் கால் ஊன்ற இடம் கிடைக்காது.

குடிபுகும் அன்று, சாமான் இறக்கும் முன், ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் அன்று சாமான் ஏற்றிய பிறகு, வெறும் வீட்டில் அவரையும் உடன் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்து, பிடித்தத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சாவியை அதற்குப் பிறகு கொடுங்கள்.