ஃபிரிட்ஜ் இழுக்கும் கரண்டுக்கு என்ன விலை?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் ஃபிரிட்ஜின் பங்கு எவ்வளவு? ஒரு ஆர்டுயினோ பலகை, SCT-013-030 என்ற கவ்வி சென்சார், சின்னத் திரை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வயரை வெட்டத் தேவையில்லை. உறையின் மேலேயே கவ்வி உட்காரும். ஆனால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்து, திரையில் பூஜ்ஜியம்தான் வரும். ஒரு வயர் மட்டும் கவ்விக்குள் இருக்க வேண்டும்.

பலரும் சென்சார் தரும் ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கி வாட் என்று எழுதிவிடுகிறார்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சோதித்தால் கணக்கு அநேகமாகச் சரியாகவே வரும். ஃபிரிட்ஜில்தான் பிசகும். கம்ப்ரஸர் மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி ஓடுவதால், இழுக்கும் ஆம்பியர் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. வீட்டு மீட்டர் உண்மையில் செலவான வாட்டை மட்டுமே கணக்கிடுகிறது.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று 0.9 ஆம்பியர் இழுக்கிறது, அதன் பவர் ஃபேக்டர் 0.65 என்று வைத்துக்கொள்வோம். வெறும் பெருக்கலில் 207 வரும். உண்மைச் செலவு சுமார் 135 வாட். கம்ப்ரஸர் தினமும் 10 மணி நேரம் ஓடினால், 60 நாளில் 81 யூனிட் ஆக வேண்டியதை நம் கருவி 124 என்று காட்டும்.

இதைச் சரிசெய்ய ZMPT101B போன்ற மின்னழுத்த சென்சாரும் வேண்டும். இரண்டு அளவுகளையும் கணத்துக்குக் கணம் பெருக்கிச் சராசரி எடுத்தால் உண்மை வாட் கிடைக்கும். இந்த மின்னழுத்த சென்சாரின் ஒரு பக்கத்தில் வீட்டு மின்சாரம் நேரடியாக இருப்பதால் அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கருவி சரியா என்று வீட்டு மீட்டரே சொல்லும். அதில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருந்தால், யூனிட்டுக்கு 3200 முறை சிவப்பு விளக்கு மினுக்கும். மற்ற எல்லாவற்றையும் அணைத்து ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள். 135 வாட்டுக்கு நிமிடத்தில் 7 மினுக்கல் வரும். 207 என்றால் 11.

அடுத்து ரூபாய். எல்லா வீட்டுக்கும் ஒரே விலையைக் கருவியில் பதிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை கட்டணப்படி, 350 யூனிட் ஓடும் வீட்டில் கடைசி யூனிட்டுகளின் விலை தலா ரூ.4.80. 700 யூனிட் ஓடும் வீட்டில் ரூ.9.65. எனவே அதே 81 யூனிட் முதல் வீட்டில் சுமார் 389 ரூபாய், இரண்டாவதில் 782. போன பில்லில் எந்த அடுக்கில் முடிந்தீர்களோ அந்த விலையைக் கருவியில் பதியுங்கள். ஃபிரிட்ஜை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை அந்த விலைதான் சொல்லும்.