காற்றாலைக்கு நிலம் கேட்டு வருகிறார்களா? காற்றை முதலில் கணக்குப் பாருங்க

உடுமலை, தாராபுரம் பக்கம் மேட்டாங்காடு வைத்திருக்கிறவங்களுக்குத் தரகர் வருவது புதிதில்லை. முன்பெல்லாம் வீட்டுமனைக்கு வருவார்கள், இப்போது காற்றாலைக்கு வருகிறார்கள். "உங்க காட்டுல காத்து நல்லா அடிக்குதுங்க" என்பதுதான் முதல் பேச்சு. நல்லா என்றால் எவ்வளவு? இதை அவர்களும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை. என் சித்தப்பா மகனுடைய எட்டு ஏக்கருக்கு இப்படி ஒரு கேள்வி வந்தபோது, முன்பணத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்னால் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பார்த்த வழியை இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்குக் காற்று வரைபடத்தை நம்ம கைப்பேசியிலேயே பார்க்கலாம். globalwindatlas.info என்ற தளம் இலவசம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் இந்தியாவுக்கென்று தனியாக வரைபடம் போட்டிருக்கிறது. நம்ம காட்டின் மேல் விரலை வைத்து, உயரம் 100 மீட்டர் என்று தேர்ந்தெடுத்தால், ஆண்டுச் சராசரி வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். தம்பி காட்டுக்கு ஏறத்தாழ 7 காட்டியது. எந்த உயரத்துக்கான வேகம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது. ஒரே காட்டில் 50 மீட்டரில் ஒரு வேகம், 100 மீட்டரில் வேறு வேகம்.

வேகம் கொஞ்சம் கூடினாலும் மின்சாரம் ரொம்பக் கூடும். வேகத்தை அதனாலேயே மூன்று முறை பெருக்கும் கணக்கு இது. 5 மீட்டர் வேகத்துக்கு 5×5×5 = 125. 6 மீட்டருக்கு 216. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் காற்றின் ஆற்றல் முக்கால் பங்குக்குக் கிட்டக் கூடிவிடுகிறது.

சராசரி வேகமும் முழு விஷயத்தைச் சொல்லாது. வங்கியில் இருந்தபோது சராசரி இருப்பை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்க மாட்டோம், பணம் எந்த மாதம் வருது, எந்த மாதம் போகுது என்று பார்ப்போம். காற்றுக்கும் அதே கதைதான். நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை அடிக்கும். ஒரு பேச்சுக்கு, நாலு மாதம் 10 மீட்டர், மீதி எட்டு மாதம் 4 மீட்டர் என்று வையுங்க. சராசரி 6தான். ஆனால் ஆண்டு முழுக்க ஒரே சீராக 6 அடிக்கும் இடத்தைவிட இங்கே காற்றின் ஆற்றல் முக்கால் பங்குக்குக் கிட்டக் கூடுதல். இறக்கை அதன் உச்ச அளவைத் தொட்டபிறகு மிச்சக் காற்றை விட்டுவிடும் என்பதால் அத்தனையும் மின்சாரமாக வராது. இருந்தாலும் கணவாய்க் காற்றுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த நாலு மாதத்தால்தான் ஒரு சிக்கலும் வருகிறது, பிறகு சொல்கிறேன்.

அடுத்து, தரை. காற்று ஓடும் தரை வழவழப்பா, சொரசொரப்பா என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த வரைபடத்திலேயே Roughness Length என்று தனி அடுக்கு உண்டு. அறுவடை முடிந்த வெறுங்காட்டுக்கு அது 0.03 மீட்டர் அளவில் இருக்கும். அடர்ந்த மரக்கூட்டத்துக்கு 1 மீட்டர் வரைக்கும் போகும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் எங்கு பார்த்தாலும் தென்னை. கிழக்கே வரவரச் சோளக்காடும் மேய்ச்சல் காடும்தான். கோபுரத்தின் 100 மீட்டர் உச்சியில் 7 அடித்தால், வெறுங்காட்டில் 50 மீட்டர் உயரத்தில் 6.4 இருக்கும், மரக்கூட்டத்துக்கு மேலே 5.9 தான். இறக்கை மேலே போகும்போது ஒரு அடி, கீழே வரும்போது வேறொரு அடி வாங்கும். இந்த ஏற்ற இறக்கம் மின்சாரத்தையும் குறைக்கும், இயந்திரத்தின் ஆயுளையும் தின்னும்.

தனித் தோப்புக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு மேலேயும், காற்று போகும் திசையில் இருபது மடங்கு தூரத்துக்கும் காற்று குழம்பியிருக்கும். தம்பி காட்டுக்கு மேற்கே, தரகர் முளை அடித்த இடத்திலிருந்து 300 மீட்டரில், பக்கத்துக்காரர் தென்னந்தோப்பு. மரம் 20 மீட்டர் என்றால் 400 மீட்டர் தூரத்துக்கு, 40 மீட்டர் உயரம் வரைக்கும் குழப்பம். அவர்கள் சொன்ன இயந்திரத்துக்குக் கோபுரம் 120 மீட்டர், இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 140. இறக்கையின் கீழ்நுனி 50 மீட்டரில் நிற்கும், தப்பித்துக்கொள்ளும். பழைய 50 மீட்டர் கோபுரமாக இருந்தால் வசமாக மாட்டியிருக்கும். இந்த வரைபடம் 250 மீட்டர் சதுரம் சதுரமாகக் கணக்குப் போட்டது. போன வருசம் வைத்த தோப்பெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் கம்பம் நட்டு, பல உயரங்களில் கருவி வைத்துக் குறைந்தது ஓராண்டாவது அளக்கிறார்கள். அப்படி அளந்த கணக்கு இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

காற்றும் தரையும் சரி. தம்பி காடு தட்டிப்போனது வீட்டுக் கணக்கில்தான். மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சத்தத்தைக் கருதி எந்தக் குடியிருப்புக்கும் 500 மீட்டருக்குள் காற்றாலை நிறுத்தக் கூடாது என்கிறது. சாலை, ரயில்பாதை, கட்டடங்களுக்குக் கோபுர உயரமும் விட்டத்தில் பாதியும் 5 மீட்டரும் சேர்த்து விலக வேண்டும். நம்ம கணக்கில் 120+70+5, அதாவது 195 மீட்டர். இதில் நம்ம கொங்குப் பக்கத்துக்கு ஒரு தனிச் சங்கதி இருக்கு. ஊர் நத்தத்தில் இருக்கிறவங்களைவிடத் தோட்டத்துச் சாளையில் இருக்கிறவங்கதான் அதிகம். 500 மீட்டர் வட்டம் என்பது 194 ஏக்கர். ஒரு சாளைக்கு இத்தனை ஏக்கரில் காற்றாலை வரக் கூடாது. தரகர் கொண்டுவந்த வரைபடத்தில் நத்தம் இருந்தது, ஒரு சாளைகூட இல்லை.

கைப்பேசியில் அளந்து பார்த்தோம். முளையிலிருந்து கிழக்கே 380 மீட்டரில் ஒரு குடும்பம் இருக்கிறது, வீட்டுவரி ரசீதும் உண்டு. இரவில் குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் அனுமதிக்கும் சத்தம் 45 டெசிபல். தூரத்தை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பருவக்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் சத்தமும் அந்தச் சாளைப் பக்கம்தான் போகும். முளையை இன்னும் 120 மீட்டர் மேற்கே தள்ள வேண்டும். ஆனால் முளைக்கு மேற்கே தம்பி காடு 90 மீட்டர்தான் மிச்சம். "அப்ப நம்ம காடு ஆகாதுங்களாண்ணா?" என்றான். ஆகாதுதான்.

இனி கம்பி. காற்றாலை உற்பத்தி செய்வது பெரும்பாலும் 690 வோல்ட். அடியிலேயே மின்மாற்றி வைத்து 33 கே.வி. ஆக்கி, துணை மின்நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 110 அல்லது 230 கே.வி. ஆக்கி அனுப்புவார்கள். எவ்வளவு தூரம் 33 கே.வி. கம்பி இழுக்கிறார்களோ அவ்வளவு இழப்பு, அவ்வளவு பேர் வயலில் கம்பம். பொதுவாக எல்லாரும் தூரத்தை மட்டும் கேட்கிறார்கள், அந்த நிலையத்தில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. மேலே சொன்ன சிக்கல் இதுதான். ஆடியில் எல்லாக் காற்றாலையும் ஒரே நேரத்தில் சுற்றும். மின்மாற்றி தாங்காவிட்டாலோ, வாங்க ஆள் இல்லாவிட்டாலோ, சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். நல்ல காற்றில் இறக்கை சும்மா நிற்பதை நாமே பார்த்திருப்போம். உற்பத்தியில் பங்கு தருகிறோம் என்று குத்தகை எழுதுகிறவர்களுக்கு இது நேரடி நட்டம். எந்தத் துணை மின்நிலையம், எத்தனை மெகாவாட் ஒதுக்கீடு, ஏற்கெனவே எத்தனை இணைந்திருக்கிறது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்க. நிறுத்தி வைக்கும் நாளுக்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க.

தம்பியிடம் இல்லையென்ற பதிலை வாங்கிக்கொண்ட தரகர், மேற்கே தென்னந்தோப்புக்காரரிடம் போயிருக்கிறார். அங்கே முளை அடித்தால் சாளைக்கு 500 மீட்டர் கிடைத்துவிடும், ஆனால் தோப்பு ரொம்பக் கிட்டத்தில் வரும். கிட்ட நிற்கும் ஒரு வரிசைத் தென்னையை வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் காய்ப்பில் இருக்கும் மரம். அவர் நேற்றுச் சாயந்தரம் எங்கள் வாசலுக்கு வந்து, துணை மின்நிலையத்துக்கு எப்படி மனு எழுதுவது என்று கேட்டுப் போனார்.