படபடப்பே இல்லாமல் இறங்கும் சர்க்கரை

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறார். ஒற்றைத் தலைவலி வராமலிருக்க நரம்பு மருத்துவர் புரோப்ரனலால் எழுதித் தந்திருக்கிறார். ஒருநாள் கல்யாண வீட்டில் பந்தி தள்ளிப்போகிறது. காலையில் மாத்திரை போட்டாயிற்று, வயிற்றில் ஒரு காபிதான். முன்பெல்லாம் இந்த நிலையில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உடனே எதையாவது வாயில் போட்டுக்கொள்வார். இன்று அப்படி எதுவும் இல்லை. ரவிக்கை மட்டும் தொப்பலாக நனைந்திருக்கிறது. மண்டபத்துப் புழுக்கம் என்று விட்டுவிடுகிறார். சற்று நேரத்தில் கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பேச்சு குழறுகிறது. விரலில் குத்திப் பார்த்தால் 48.

இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே உடம்பு அட்ரினலினைச் சுரந்து நம்மை உசுப்பிவிடும். படபடப்பும் நடுக்கமும் அதன் வேலைதான். அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா ஏற்பிகளைத்தான் பீட்டா பிளாக்கர்கள் அடைக்கின்றன. அபாய மணி அடிக்கிறது, ஆனால் இதயத்துக்கும் தசைக்கும் அது கேட்பதில்லை. வியர்வைச் சுரப்பியைத் தூண்டுவது அசிட்டைல்கோலின் என்ற வேறொரு பொருள். அதனால் வியர்வை நிற்பதில்லை. இந்த மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குக் காரணமில்லாமல் வியர்த்தால், மற்ற எதையும் யோசிக்காமல் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

பீட்டா பிளாக்கர்கள் எல்லாம் ஒன்றுபோல் அல்ல. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தோடு நின்றுவிடும். அளவு கூடினால் அந்த வித்தியாசம் குறையும். புரோப்ரனலால் எல்லா இடத்தையும் அடைக்கும். இறங்கிய சர்க்கரையை மீட்க ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடுவதையும் அது தாமதப்படுத்தக்கூடும். தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தரப்படுவதால், இதை யாரும் ‘இதய மாத்திரை’ என்று நினைப்பதில்லை, சர்க்கரை மருத்துவரிடம் சொல்வதுமில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும்தான் இந்த ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம்.

அந்தப் பெண்மணிக்கு 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். இன்னும் 70-ஐ எட்டவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். ஏறியதும் சாப்பாடு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரலாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய்ச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.