வீட்டைப் பாதியில் விட்டவர் மீது எங்கே வழக்குப் போடுவது?

திருச்சி ஓரத்தில் சொந்த மனை வைத்திருக்கும் ஒருவர் 1,400 சதுர அடியில் வீடு கட்ட ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்பந்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 2,200 ரூபாய், மொத்தம் 30 லட்சத்து 80 ஆயிரம். அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாக 26 லட்சம் கொடுத்தாயிற்று. தளம் போட்டு, உள்பூச்சு பாதி முடிந்த நிலையில் ஆள் வருவது நின்றுவிட்டது. முதல் மழையிலேயே தளம் கசிகிறது. வேறொரு இன்ஜினியர் வந்து பார்த்து, கசிவைச் சரிசெய்து மீதியைக் கட்டி முடிக்க 12 லட்சம் ஆகும் என்கிறார்.

இப்போது நஷ்டம் எவ்வளவு? பலர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். 12 லட்சத்தையும் கேட்க முடியாது. காண்ட்ராக்டருக்கு இன்னும் கொடுத்திருக்க வேண்டிய 4 லட்சத்து 80 ஆயிரம் நம் கையிலேயே இருக்கிறது. அதைக் கழித்தால் 7 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 10,000 ரூபாய் வாடகையில் ஓராண்டு கூடுதலாக இருந்ததற்கு 1 லட்சத்து 20 ஆயிரம் சேர்த்தால் 8 லட்சத்து 40 ஆயிரம். இப்படிக் கணக்குக் காட்டுகிற புகாருக்கு இருக்கும் பலம், 'போட்ட பணம் முழுவதையும் திருப்பிக் கொடு' என்ற புகாருக்கு இருப்பதில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. ஆகவே இவர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை; சேவைக்காகக் கொடுத்த தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். இவர் கொடுத்தது 26 லட்சம் என்பதால் மாவட்ட ஆணையமே போதும்; கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். காண்ட்ராக்டர் வேறு மாவட்டத்துக்காரராக இருந்தாலும், தான் குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதே 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கு சிவில் வழக்கு என்றால், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு மூன்று வீதம் 25,200 ரூபாய்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆணையம்தான் சரி என்று தோன்றும். அது அவசர முடிவு. கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தத் தகராறைத் தீர்க்க ஆவணம் போதுமா, அல்லது சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால்தான் உண்மை தெரியுமா?

ஆணையத்தின் விசாரணை சுருக்கமானது. இரு தரப்பும் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் தாக்கல் செய்கின்றன. பெரும்பாலும் அவற்றைக் கொண்டே உத்தரவு வருகிறது. மோசடி நடந்ததா, கையெழுத்து போலியா என்பது போன்ற, உண்மைகளே கடுமையாக மறுக்கப்படும் விவகாரங்களை இந்தச் சுருக்க விசாரணையில் தீர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சிட்டி யூனியன் வங்கி வழக்கில் சொன்னது. நம் திருச்சிக்காரர் 26 லட்சத்தையும் வங்கி வழியாகக் கொடுத்து, கையெழுத்திட்ட ஒப்பந்தமும் வைத்திருந்தால் கவலை இல்லை. ஆனால் அதில் 10 லட்சம் ரொக்கமாகப் போயிருக்கிறது, ரசீது இல்லை, காண்ட்ராக்டரோ 'அந்தப் பணம் வரவே இல்லை, தவிர மாடிப்படியை மாற்றச் சொன்னார், அதற்கே எனக்கு 5 லட்சம் பாக்கி' என்கிறார் என்றால் நிலைமை வேறு. மேஸ்திரியையும் பணம் கொடுத்தபோது உடனிருந்தவரையும் குறுக்கு விசாரணை செய்யாமல் இதில் உண்மை வெளிவராது. இதற்கு உரிமையியல் நீதிமன்றமே ஏற்ற இடம்.

இதற்கு நேர்மாறாக, ஆணையத்தையே நாடத் தூண்டும் காரணம் ஒன்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கலாம். 'தகராறு வந்தால் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்ள வேண்டும்' என்ற வரியைப் பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சிவில் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு அந்த வரியைக் காட்டி விவகாரத்தை நடுவரிடம் அனுப்பக் கேட்கலாம். நீதிமன்றமும் பெரும்பாலும் அனுப்பிவிடும். நுகர்வோர் ஆணையத்தில் அந்த வரி தடையாக நிற்காது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தை முதலில் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.

எங்கே போனாலும் கசியும் தளத்தை அவசரப்பட்டுச் சரிசெய்துவிடக் கூடாது. வேறு ஆளை வைத்து வேலையை முடித்த பிறகு குறை இருந்ததற்கு என்ன சாட்சி? புகாரோடு சேர்த்தே, இன்ஜினியர் துணையுடன் ஒரு வக்கீல் ஆணையரை நியமித்துக் கட்டடத்தைப் பார்வையிடச் சொல்லி மனுப் போட வேண்டும். கம்பியின் கனம், காங்கிரீட்டின் வலிமை, முடிந்த வேலையின் அளவு எல்லாம் அந்த அறிக்கையில் ஏறினால்தான், மேலே போட்ட 12 லட்சக் கணக்கு நிற்கும். என் பார்வையில், இத்தகைய வழக்குகளின் போக்கைத் தீர்மானிப்பது வாதத்தைவிட இந்த அறிக்கைதான்.

வாங்கியது வீடாக இல்லாமல் வெறும் மனையாக இருந்தால் பாதை மாறும். சாலை, வடிகால், மின் இணைப்பு செய்து தருவதாகச் சொல்லி லேஅவுட் போட்டு விற்றவர் சேவை தருபவர். 2012-இல் நார்னே கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஊரில் ஒருவர் தன் பூர்வீக நிலத்தை அப்படியே விற்க ஒப்புக்கொண்டு, அட்வான்ஸ் வாங்கியபின் பத்திரம் போட மறுத்தால், அதில் சேவை எதுவும் இல்லை. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குத்தான் வழி. பட்டா யார் பெயரில், வாரிசு யார், எல்லை எது என்ற சண்டைகளும் அங்கேதான். அடுக்குமாடி வாங்கியவர்களுக்கோ திட்டம் ரெராவில் பதிவாகியிருந்தால் அந்த வழியும் உண்டு. ரெரா இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று 2020-இல் இம்பீரியா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் ஒரே நிவாரணத்தை இரண்டு இடத்தில் ஒரே சமயம் கேட்கக் கூடாது.

கடைசியாகக் காலக்கெடு. நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு, இத்தகைய சிவில் வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. 'அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறேன்' என்ற தொலைபேசி வாக்குறுதிகளால் இந்தக் காலம் நீளாது. வாய்ப்பேச்சில் ஓராண்டு போனால் போனதுதான். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது, இது நமக்குரிய இடமில்லை என்று தெரியவந்தால் சும்மா வாபஸ் வாங்கிவிடாதீர்கள். உரிமையியல் நீதிமன்றத்தை நாட அனுமதி உண்டு என்று ஆணையத்தின் உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் அங்கே வழக்கை நடத்தியிருந்தால், காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அங்கே செலவான காலத்தைக் கழித்துத் தரும்படி சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு அந்த உத்தரவின் சான்றிட்ட நகலும், புகார் தாக்கலான தேதியும் முடிந்த தேதியும் கையில் இருக்க வேண்டும்.