பின்னால் சாயும் முள்

10 ஹெச்.பி. மும்முனை மோட்டார் ஒன்று லோடு இல்லாமல் சும்மா சுற்றுகிறது. அது இழுக்கும் மின்சாரத்தை அளக்க இரண்டு வாட்மீட்டர்களை இணைக்கிறோம். ஒன்றின் முள் 1,550 வாட்டில் நிற்கிறது. இன்னொன்றின் முள் பூஜ்யத்துக்குப் பின்னால் போய் முட்டிக்கொள்கிறது. மீட்டர் பழுதோ என்று தோன்றும். பழுதெல்லாம் இல்லை.

மூன்று கம்பிக்கு இரண்டு மீட்டர் எப்படிப் போதும்? நியூட்ரல் இல்லாத இணைப்பில், இரண்டு கம்பிகளில் போகும் கரன்ட் மூன்றாவது கம்பி வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். அதனால் ஆர், பி இரண்டிலும் ஆளுக்கொரு கரன்ட் காயிலை வைத்து, இரு மீட்டர்களின் பிரஷர் காயில்களையும் ஒய் கம்பியில் முடித்தால் போதும். இரண்டு அளவுகளின் கூட்டல்தான் மொத்த மின்திறன். மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இல்லாவிட்டாலும் இது பொருந்தும். பிரெஞ்சுப் பொறியாளர் பிளோந்தெல் 1893-ல் இதைப் பொது விதியாகவே சொல்லிவிட்டார்.

ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் எந்த மீட்டரும் எந்த ஃபேஸின் திறனையும் காட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு கம்பியின் கரன்ட்டை, இரு கம்பிகளுக்கு இடையிலான வோல்டேஜோடு சேர்த்துப் பார்க்கிறது. அந்த வோல்டேஜ் ஃபேஸ் வோல்டேஜிலிருந்து 30 டிகிரி விலகியிருக்கும். ஒரு மீட்டருக்கு முன்பக்கம், மற்றதற்குப் பின்பக்கம். பவர் ஃபேக்டர் 1 என்றால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். அது குறையக் குறைய ஒன்று முந்தும், மற்றது பின்தங்கும். 0.5-ல் பின்தங்கியது பூஜ்யமாகும். அதற்கும் கீழே போனால் முள் பின்னால் சாயும்.

அதே மோட்டார் முழு லோடில் 5,800, 2,750 என்று காட்டினால் மொத்தம் 8,550 வாட். லோடு சமமாக இருக்கும்போது கணக்கு இது:

tan φ = √3 × (W1 − W2) ÷ (W1 + W2)

இதன்படி பவர் ஃபேக்டர் 0.85.

லோடு இல்லாதபோது, பின்னால் சாய்ந்த மீட்டரின் பிரஷர் காயில் முனைகளை மாற்றிப் போட்டால் 900 என்று படிக்கலாம். இதைக் கழிக்க வேண்டும். 1,550-லிருந்து 900 போக 650 வாட். பவர் ஃபேக்டர் 0.15. கழிக்க மறந்து கூட்டினால் 2,450 வாட் வரும், சூத்திரமோ 0.91 என்று அழகான எண்ணைக் கொடுக்கும். சும்மா சுற்றும் மோட்டாருக்கு அவ்வளவு நல்ல பவர் ஃபேக்டர்!

இதைப் பிடிக்க ஓர் அம்மீட்டர் போதும். 415 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் √3 × 415 × 6, ஏறக்குறைய 4,300 வி.ஏ. 650-ஐ இதால் வகுத்தால் 0.15, சூத்திரத்தோடு ஒத்துப்போகிறது. 2,450-ஐ வகுத்தால் 0.57, 0.91-க்கும் இதற்கும் ஒட்டவே ஒட்டாது. இரண்டு வழியிலும் விடை சேராவிட்டால் முதலில் கூட்டல் கழித்தல் குறியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எந்த மீட்டர் அதிகம் காட்டுகிறது என்பதை வைத்து மட்டும், கரன்ட் வோல்டேஜுக்குப் பின்தங்குகிறதா, கெப்பாசிட்டர் மிகையால் முந்துகிறதா என்று சொல்லிவிட முடியாது. இரண்டு ஃபேஸ் கம்பிகளை இடம் மாற்றினாலே பெரிய அளவு அடுத்த மீட்டருக்குப் போய்விடும். ஃபேஸ் வரிசையைச் சரிபார்த்த பிறகே அதைச் சொல்லலாம்.