மொட்டைமாடித் தொட்டியும் நான்கு துளைகளும்

ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 675 லிட்டர் தண்ணீர் செலவாகும். 1,000 லிட்டர் தொட்டி போதும். நிரம்பிவிட்டால் தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை. இதை எதன்மேல் வைக்கிறோம், எந்தத் தண்ணீரை ஊற்றப்போகிறோம் என்று பார்த்தாலே எந்தத் தொட்டி என்பது முடிவாகிவிடும்.

கான்கிரீட் தொட்டி வீடு கட்டும்போதே கட்ட வேண்டியது. குழாய்த் துண்டுகளைக் கம்பியோடு சேர்த்து நிறுத்திவிட்டுத்தான் கலவையைக் கொட்ட வேண்டும். பிறகு உடைத்துக் குழாய் செருகினால், பூசிய சிமென்ட் சுருங்கிக் கசியும். ஈரம் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். அடியில் பழுப்புக் கறை தெரிந்தால் அதுதான் அடையாளம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி பாசி பிடிக்காது, கழுவ எளிது. ஆனால் கடலோர ஊர்களின் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வழக்கமான 304 ரகத்தில், முதலில் வெல்டிங் ஓரங்களில், ஊசிக்குத்துப் போல அரிக்கும். அங்கே, உட்புறம் வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் தொட்டியே என் தேர்வு. அதன் அடிப்பாகம் முழுவதும் சமமான தளத்தில் உட்கார வேண்டும். கம்பிச் சட்டத்தின் மேல் வைத்தால் இடைவெளிகளில் அடி தொங்கி விரிசல் விடும்.

இனி துளைகள். தொட்டிச் சுவரில் தட்டையாக விட்டிருக்கும் இடங்களில்தான் போட வேண்டும். வளைந்த இடத்தில் வாஷர் படியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குழாயால் சுட்டுத் துளைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓரம் உருகி மேடாகி, அங்கேதான் கசியும். டேங்க் நிப்பிளின் அளவுக்குப் பொருந்தும் வட்ட ரம்பத்தை டிரில்லில் மாட்டி அறுத்து, பிசிறைச் சுரண்டிவிட வேண்டும்.

மோட்டாரிலிருந்து வரும் குழாய் மேலே, நிரம்பி வழியும் மட்டத்துக்கும் உயரத்தில் முடியட்டும். அப்போது தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் திரும்ப இழுபடாது. வழியும் குழாய் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மோட்டார் விசையோடு தள்ளுகிறது, வழியும் நீரோ தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. ஏற்றுவது ஒரு அங்குலம் என்றால் இது ஒன்றரை அங்குலம். வீட்டுக்கு இறங்கும் குழாயை அடியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போட்டால் வண்டல் குழாய்க்குள் போகாது. அந்த வண்டலைக் கழுவிவிட நான்காவது துளை, ஆக அடியில்.

நிப்பிளின் தலை உள்ளே, நட்டு வெளியே, இரு பக்கமும் ரப்பர் வாஷர். கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். அதற்குமேல் திருகினால் வாஷர் பிதுங்கிவிடும். குழாயின் பாரம் நிப்பிளில் தொங்காமல் சுவரில் கிளாம்ப் அடித்து, நடுவே ஒரு யூனியன் வையுங்கள். கழற்றும்போது குழாயை அறுக்க வேண்டியிராது.

தொட்டியை நிரப்பி, நட்டுகளைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாளைச் சுற்றி, ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் மேலும் இறுக்காமல், தண்ணீரை வடித்து, நிப்பிளைக் கழற்றித் துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பிசிறு தட்டுப்படும்.